இருக்கைக்கா, வந்த தலைக்கா? கோயில் சுற்றுலா பஸ் வாடகைப் பங்கீடு

பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினாலும் வாடகை குறையாது. ஆகவே பங்கு பிரிக்கும் முறையில் உண்மையான கேள்வி ஒன்றுதான்: கடைசி நேரத்தில் வராதவரின் பங்கை யார் சுமப்பது?

40 இருக்கை, வாடகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பயணம் முடிந்தபின் வந்தவர்களுக்குள் பிரித்தால், 8 பேர் வராத நிலையில் 1,000 ரூபாயாக இருந்த பங்கு 1,250 ஆகிவிடும். நான்கு பேர் கொண்ட குடும்பம், யாரோ ஒரு சித்தப்பா வீட்டார் பின்வாங்கியதற்காக 1,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும். உறவுக்குள் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனத்தில் மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

இருக்கைக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கினால் அந்த 8 பேரின் பணமும் கையில் இருக்கும். மாற்று ஆள் கிடைத்தால் மட்டுமே திருப்பித் தருவது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மடியில் அமரும் குழந்தைக்குப் பங்கு கிடையாது, தனி இருக்கை கேட்டால் முழுப் பங்கு என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

ஆனால் இந்த முறைக்கும் ஓட்டை உண்டு. வழியில் இன்னொரு கோயிலைச் சேர்த்தால் கிலோமீட்டர் கூடும். சுங்கம், நிறுத்தக் கட்டணம், ஓட்டுநர் பேட்டா எல்லாம் முன்கூட்டிச் சரியாகத் தெரியாது. இவற்றை மட்டும் கடைசியில் வந்தவர்களுக்குள் பிரிப்பதே நியாயம். வீட்டில் இருந்தவரிடம் சுங்கக் கட்டணம் கேட்க முடியாது அல்லவா? அடிப்படை வாடகைக்கு என் ஓட்டு இருக்கைக் கணக்குக்குத்தான்.