நான்காம் கணக்கில் தொலைந்த கழித்தல் குறி: ஒரு மோதல் கணக்குத் தாளோடு ஆறு வருடம்

முன்பு என்னோடு வேலை பார்த்த தோழி போன வாரம் போன் செய்தாள். மகள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாளாம். "அக்கா, மோதல் கணக்குக்குன்னு ஒரு தாள் வச்சிருப்பீங்களே, போட்டோ எடுத்தது, அது நல்லா இருக்குமா? பாப்பாவுக்கு அனுப்புங்களேன்" என்றாள். வேறு சமயமாக இருந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்பியிருப்பேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்புதான் என்னிடம் டியூஷன் படிக்கும் பையன் ஒருவன், அந்தத் தாளின் நான்காம் கணக்கோடு ராத்திரி பதினொன்றரை வரை மல்லுக்கட்டிவிட்டு, "எனக்கு இயற்பியலே வராது போல மிஸ்" என்று வந்து நின்றான். தப்பு அவனிடம் இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாள் என்பது ஒரே பக்கம். பன்னிரண்டு கணக்குகள், கடைசியில் சின்ன எழுத்தில் விடைகள். எல்லாமே ஒரே நேர்க்கோட்டில் நடக்கும் மோதல்கள். அச்சான தாளை யாரோ மேசையில் வைத்து, கை நிழல் விழ, போனில் படம் பிடித்து, ஸ்கேனர் செயலியில் கறுப்பு வெள்ளையாக்கிக் குழுவில் போட்டிருக்கிறார். அங்கிருந்து பல கை மாறி என்னிடம் வந்தது. ஆறு வருடமாக அதையே அச்செடுத்துக் கொடுக்கிறேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது நான்காம் கணக்கு. என்னைப் படுத்துவதும் அதேதான். உராய்வில்லாத தடத்தில் இரண்டு டிராலிகள். முதலாவது 2 கிலோ, அதன் திசைவேகம் u₁ = 4 மீ/வி. இரண்டாவது 1 கிலோ, u₂ = −2 மீ/வி, அதாவது எதிர்த்திசையில் வருகிறது. (அ) இயக்க ஆற்றல் கொஞ்சமும் குறையாத மீட்சி மோதல் என்றால் பிறகு என்ன வேகம்? (ஆ) இரண்டும் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு இயக்க ஆற்றல் இழப்பு? (இ) மோதிய பின் v₁ = 1 மீ/வி என்றால் v₂ எவ்வளவு, இழப்பு எவ்வளவு? படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. திசையைச் சொல்வது அந்தக் கழித்தல் குறி ஒன்றுதான்.

அந்தக் குறி படத்தில் இல்லை.

கறுப்பு வெள்ளையாக்கும்போது செயலி ஒவ்வொரு புள்ளியையும் மையா காகிதமா என்று பிரிக்கிறது. நிழல் விழுந்த இடத்தில் மெல்லிய, குட்டையான கிடைக்கோடு எளிதில் காகிதப் பக்கம் போய்விடும். எழுத்துகள் தடித்தவை, தப்பிவிடும். அப்புறம் படமாகவே திரும்பத் திரும்ப அனுப்பும்போது அது சுருங்கவும் கூடும். போனில் பெரிதாக்கிப் பார்த்தால் '2'க்கு முன்னால் இடைவெளி மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். அவ்வளவுதான் தடயம்.

குறி தொலைந்தால் கணக்கு உடைந்துவிடும், மாணவனுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நானும் முதல் வருடம் நினைத்தேன். உடையாது. u₂ = 2 என்று வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வேகமான டிராலி முன்னால் போகும் மெதுவான டிராலியை இடிக்கிறது. நடக்கக்கூடிய சங்கதிதான். மொத்த உந்தம், அதாவது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கிக் கூட்டியது, 2×4 + 1×2 = 10. விடை v₁ = 8/3, v₂ = 14/3 என்று வரும். இயக்க ஆற்றலைச் சரிபார்த்தால் முன்பும் 18 ஜூல், பின்பும் 18 ஜூல். பையன் இவ்வளவும் ஒழுங்காகச் செய்திருந்தான். நோட்டில் பக்கத்தில் டிக் கூடப் போட்டிருந்தான்.

சரியான கணக்கிலும் மோதலுக்கு முந்தைய ஆற்றல் அதே 18 ஜூல்தான். வேகத்தை வர்க்கப்படுத்தும்போது குறி செத்துவிடுகிறது. ஆற்றலுக்குத் திசை தெரியாது. தெரிந்தது உந்தத்துக்கு மட்டும்தான்: 2×4 − 1×2 = 6. ஆக, கொடுத்த எண்ணிலேயே குறி தொலைந்திருந்தால், ஆற்றலைக் கொண்டு சரிபார்க்கும் வழி அதைக் காட்டிக்கொடுக்காது. இதை நான் புரிந்துகொள்ள இந்தப் பாழாய்ப்போன படம்தான் காரணம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பையன் மாட்டியது (ஆ)வில். ஒட்டிக்கொண்டால் பொது வேகம் 10/3. அவன் கணக்கில் இழப்பு சுமார் 1.33 ஜூல். தாளின் அடியில் விடை 12 ஜூல் என்று தெளிவாக இருக்கிறது, அங்கே நிழல் விழவில்லை. ஒன்பது மடங்கு வித்தியாசம். நான்கு முறை திரும்பப் போட்டிருக்கிறான்.

அவனை உட்காரவைத்து அந்த 12-லிருந்தே பின்னோக்கிப் போனோம். ஒட்டிக்கொள்ளும் மோதலில் தொலையும் ஆற்றல் தனித்தனி வேகங்களைப் பொறுத்ததே இல்லை. ஒன்று மற்றொன்றை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பது மட்டும்தான் கணக்கு.

```
இழப்பு = ½ × [m₁m₂ / (m₁ + m₂)] × (u₁ − u₂)²
12 = ½ × (2/3) × (4 − u₂)²
(4 − u₂)² = 36
```

அப்படியானால் 4 − u₂ என்பது 6 அல்லது −6. u₂ = −2, இல்லையென்றால் 10. பத்து என்றால் முன்னால் இருக்கும் டிராலி முதல் டிராலியைவிட வேகமாக ஓடுகிறது, மோதலே நடக்காது. மிச்சம் −2. "அப்போ இங்க ஒரு மைனஸ் இருந்திருக்கு மிஸ்!" என்று அவன் படத்தில் அந்த இடைவெளியைத் தொட்டுக் காட்டினான். அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தபோதும் எனக்குக் கோபம் போகவில்லை. இரண்டு நாள் அந்தப் பிள்ளை தன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறான்.

குறியைத் திருப்பி வைத்துவிட்டால் நான்காம் கணக்கு எவ்வளவு அழகானது என்று சொல்லாமல் விட முடியாது. (அ)வை இரண்டு விதிகளையும் வைத்து நேராகப் போட்டால், உந்தம் 2v₁ + v₂ = 6, ஆற்றல் 2v₁² + v₂² = 36. v₂-ஐ நீக்கினால் 6v₁² − 24v₁ = 0. விடை v₁ = 0 அல்லது 4. பிள்ளைகள் பலர் நாலையும் விடையாக எழுதுவார்கள். v₁ = 4 என்றால் v₂ = −2, மோதலுக்கு முன் இருந்த அதே நிலை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்விட்டதாக அர்த்தம். 'முன்பும் பின்பும் உந்தமும் ஆற்றலும் சமம்' என்றுதானே நாம் கேட்டோம்? எதுவுமே நடக்காவிட்டாலும் அது சமம்தான். அதனால் அந்த விடை எல்லா மீட்சி மோதலிலும் வரும், ஒவ்வொரு முறையும் தள்ளிவிட வேண்டியதுதான். நிஜ விடை v₁ = 0, v₂ = 6. கனமான டிராலி அப்படியே நின்றுவிடுகிறது, லேசானது 6 மீ/வி வேகத்தில் திரும்பிப் பறக்கிறது. நெருங்கிய வேகமும் 6, விலகும் வேகமும் 6. மீட்சி மோதலின் அடையாளமே அதுதான்.

(ஆ)வில் பொது வேகம் 6/3 = 2 மீ/வி. மிச்ச ஆற்றல் 6 ஜூல், இழப்பு 12. இப்போது (அ)வுக்கே திரும்பிப் போங்கள். டிராலிகளுக்கு நடுவே ஸ்பிரிங் இருப்பதாக நினைத்துக்கொண்டால், அது முழுக்க அமுங்கும் கணத்தில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் போக வேண்டும். அதுவும் அதே 2 மீ/வி. அந்தக் கணத்தில் ஸ்பிரிங்குக்குள் இருப்பது அதே 12 ஜூல். ஸ்பிரிங் அதை முழுசாகத் திருப்பிக் கொடுத்தால் மீட்சி மோதல். களிமண்ணாக இருந்து ஒன்றுமே கொடுக்காவிட்டால் முழு மீட்சியற்ற மோதல். நான் படித்த காலத்தில் இவை இரண்டு தனித்தனித் தலைப்புகள், இரண்டு தனிச் சூத்திரங்கள். ஒரே 12 ஜூல்தான் இரண்டிலும் என்று எனக்குக் காட்டியது இந்தத் தாள்.

(இ)யிலும் ஒரு தொல்லை உண்டு. தாளின் மடிப்பு v₁ = 1-இல் சரியாக ஒன்றுக்கு முன்னால் ஓடுகிறது. கறுப்பு வெள்ளையில் அது −1 மாதிரியே இருக்கும். ஆனால் இங்கே ஆற்றல் காப்பாற்றிவிடும். −1 என்று போட்டால் உந்தம் 6 ஆக v₂ = 8 வர வேண்டும், ஆற்றல் 1 + 32 = 33 ஜூல். பதினெட்டாக இருந்தது மோதியதும் முப்பத்து மூன்றாகிவிட்டது! வெடிமருந்து எதுவும் இல்லாத டிராலிகளுக்கு 15 ஜூல் எங்கிருந்து வரும்? படித்ததில்தான் பிழை. ஒன்று என்று திருத்தினால் v₂ = 4, மிச்ச ஆற்றல் 9, இழப்பு 9. நெருங்கியது 6, விலகுவது 3, ஆக மீட்சிக் குணகம் 0.5. பன்னிரண்டில் கால் பங்கு, 3 ஜூல், திரும்பக் கிடைத்திருக்கிறது. 0.5-இன் வர்க்கம் கால்தானே.

ஆறு வருடத்தில் நான் பார்த்தது இதுதான். பின் வேகத்தில் குறி தவறினால் ஆற்றல் பெரும்பாலும் கூச்சல் போடும். முன் வேகத்தில் தவறினால் வாயே திறக்காது. அதனால் இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் முதலில் டிராலிகளையும் அம்புகளையும் வரையச் சொல்கிறேன், விடை இருந்தால் இழப்பிலிருந்து நெருங்கும் வேகத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

தாளைத் தயாரித்த ஆசிரியர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அச்சுப் பிரதி ஒன்றை ஒருமுறை பார்த்தேன், அதில் எல்லாக் குறியும் இருந்தது. படமெடுத்தவரும் நாலு பேருக்கு உதவட்டும் என்றுதான் செய்தார். ஆனால் கறுப்பு வெள்ளையாக்காமல், வெளிச்சத்தில் வைத்து, படமாக இல்லாமல் கோப்பாக அனுப்பியிருந்தால் அந்தப் பையனின் இரண்டு ராத்திரி மிஞ்சியிருக்கும்.

இத்தனை புகழ்ந்தும் தோழிக்கு நான் சொன்ன பதில், வேண்டாம் என்பதுதான். தனியாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளை கையில் அந்தப் படத்தைக் கொடுக்க மனசு வரவில்லை. மற்ற பதினொரு கணக்குகளில் எங்கெல்லாம் என்ன தொலைந்திருக்கிறது என்று நானே இன்னும் முழுசாகப் பார்த்து முடிக்கவில்லை, ஏழாவதில் ஒரு தசமப் புள்ளி மேல் சந்தேகம் இருக்கிறது. என் வகுப்பில் தொடர்ந்து அதையே கொடுப்பேன், பக்கத்தில் நான் இருப்பேன். அவள் மகளுக்கு நான்காம் கணக்கை மட்டும் வெள்ளைத் தாளில் கையால் எழுதி, இரண்டு டிராலியும் வரைந்து, −2-இன் குறியை ஸ்கெட்ச் பேனாவால் தடித்துப் போட்டு அனுப்பினேன்.