குறுஞ்செய்தி வராதபோது அழைப்பில் வரும் எண்: என் மூன்றாண்டு அனுபவம்

அம்மாவின் வீட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், சரிபார்ப்பு எண்ணை அழைப்பின் மூலம் பெறும் வழியை மூன்றாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

குறுஞ்செய்தி வராதபோது, முதலில் வேறொரு கைபேசியிலிருந்து சாதாரணச் செய்தி ஒன்றை அனுப்பிப் பார்ப்பேன். அது வந்து சேர்ந்து சரிபார்ப்பு எண் மட்டும் வரவில்லையென்றால், கோளாறு பெரும்பாலும் அனுப்பும் வழியில் இருக்கிறது. அப்போது அழைப்பு கைகொடுக்கும். இரண்டுமே வராவிட்டால் சிக்னலையோ சிம்மையோதான் பார்க்க வேண்டும்.

அம்மாவின் புதிய கைபேசியில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தபோது செய்தி வரவில்லை. மீண்டும் மீண்டும் கேட்டால் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும் என்பதால், திரையில் ஓடிய நேரம் முடியும்வரை பொறுத்திருந்து "Call me" என்பதைத் தொட்டேன். முதல் அழைப்பு ஒலிக்கவே இல்லை. அறியாத எண்களின் அழைப்பை ஒலியின்றி ஒதுக்கும் அமைப்பு கைபேசியில் இயங்கியதே காரணம். அதை நிறுத்தியபின் வந்த அழைப்பில் ஆறு இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, மறுபடியும் சொன்னார்கள். அம்மா நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

சிக்னல் என்ற பெயருடைய செய்திச் செயலியிலும் குறுஞ்செய்திக்கான நேரம் முடிந்தபிறகே அழைப்பு வசதி தெரியும். அதனால் தரைவழித் தொலைபேசி எண்ணையும் அதில் பதிவு செய்ய முடிகிறது. வாட்ஸ்அப் பிசினஸும் தரைவழி எண்ணை இப்படியே ஏற்கிறது. கூகுள் கணக்கின் இருபடிச் சரிபார்ப்பில் தொலைபேசி எண்ணைச் சேர்க்கும்போதே செய்தியா, அழைப்பா என்று தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோசாஃப்டின் அலுவலகக் கணக்குகளில், நிர்வாகி அனுமதித்திருந்தால், அழைப்பு வழியைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் எண் எதுவும் சொல்லப்படுவதில்லை. # விசையை அழுத்தி உறுதிசெய்தால் போதும். ஆதாருக்கு அழைப்பைச் சார்ந்திருக்க முடியாது. எம்ஆதார் செயலியில் முப்பது வினாடிக்கொருமுறை மாறும் எட்டிலக்க எண்ணை ஏற்கும் இடங்களில் அதையே பயன்படுத்துகிறேன்.

இந்த வசதிக்கென்றே உரிய ஆபத்து ஒன்று உண்டு. உங்கள் எண்ணைத் தெரிந்தவர் ஒருவர் தந்தார் என்று சொல்லி அழைக்கும் மோசடிக்காரர், அந்தத் தெரிந்தவரே வேறொரு எண்ணிலிருந்து உங்களை அழைப்பதாகக் கூறி, இரு அழைப்புகளையும் இணைக்கச் சொல்வார். இரண்டாவதாக வருவது உண்மையில் வங்கியின் சரிபார்ப்பு அழைப்பு. இணைத்த நொடியில் அதில் சொல்லப்படும் எண் அவர் காதிலும் விழும். இதைப் பற்றி யுபிஐ தரப்பு 2025இல் எச்சரித்தது. நாம் கேட்காமல் சரிபார்ப்பு அழைப்பு வந்தால் துண்டித்துவிட வேண்டும் என்றும், பேசிக்கொண்டிருக்கையில் யார் சொன்னாலும் இன்னொரு அழைப்பை இணைக்கக் கூடாது என்றும் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.