சொல் வரிசையைக் குலைப்பதா, விகுதியை மாற்றுவதா?

மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957-இல் காட்டிய ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: நிறமற்ற பச்சை எண்ணங்கள் ஆவேசமாகத் தூங்குகின்றன. இலக்கணத்தில் பிசகில்லை, பொருள்தான் இல்லை. அதே ஆங்கிலச் சொற்களைத் தலைகீழாக அடுக்கினால் இலக்கணமும் போய்விடுகிறது. இரண்டுமே அர்த்தமற்றவை, ஆனால் ஒன்றைத்தான் வாக்கியமாக ஏற்கிறோம். அப்படியானால் இலக்கணத் தீர்ப்பு பொருளைப் பார்த்து வருவதல்ல என்பது அவர் வாதம்.

கிருஷ்ணகிரியில் ஒரு வகுப்பில் இதைக் காட்ட ஊர்ச்சரக்கே போதும்: "தோத்தாபுரி மாங்காய் கூர்மையான மௌனத்தைக் கோபமாகத் தின்றது." சிக்கல், இதற்கு எதிரே வைக்க வேண்டிய உடைந்த வாக்கியத்தில்தான்.

சாம்ஸ்கி வழியில் வரிசையைக் குலைத்துப் பாருங்கள். "கூர்மையான மௌனத்தைக் கோபமாகத் தின்றது தோத்தாபுரி மாங்காய்" உடையவே இல்லை, கவிதை மாதிரி ஆகிவிட்டது. யார் தின்றது, எதைத் தின்றது என்பதைத் தமிழில் இடம் அல்ல, வேற்றுமை உருபு சொல்கிறது. பெயரடையைப் பிரித்து "மௌனத்தைக் கூர்மையான கோபமாக" என்று வைத்தாலும், அது அடுத்து நிற்கும் கோபத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிடும். தமிழுக்கு இந்த வழி பலவீனமானது.

விகுதியை மாற்றுவது மேல். ஆனால் அதிலும் குழி உண்டு. "மாங்காய் தின்றான்" என்று மாற்றினால் பிழையே இல்லை: எழுவாய் மறைந்து நிற்கிறது, மாங்காய் உருபில்லாத செயப்படுபொருளாகிவிட்டது. அதனால் செயப்படுபொருள் வேண்டாத வினையை எடுங்கள். "மாங்காய் கோபமாகத் தூங்கியது" நம் சரியான வாக்கியம். இதை "தூங்கினான்" என்று மாற்றினால் போதாதா? மாங்காயை ஆளாக்கிச் சொல்கிறார்கள் என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். பசுவை "என் அம்மை வந்தாள்" என்று அழைப்பதை வழுவமைதி என்று ஏற்கும் மரபு நமக்கு இருக்கிறதே. "மாங்காய் கோபமாகத் தூங்கினேன்" என்று படர்க்கையைத் தன்மையாகவே மாற்றிவிட்டால் அந்தச் சமாதானம் அவ்வளவு எளிதில் எடுபடாது.

இனி கேட்கும் விதம். "சரியா, தப்பா?" என்று கேட்டால் இரண்டுக்கும் "தப்பு" என்றுதான் பதில் வரும். ஒரே சொல்லில் இரண்டு தீர்ப்பும் கலந்துவிடுகின்றன. அதற்குப் பதில், இரண்டையும் கேள்வியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். "மாங்காய் கோபமாகத் தூங்கியதா?" என்று சிரித்துக்கொண்டே தருவார்கள், "தூங்கவில்லை" என்று உண்மையான பதிலும் கிடைக்கும். "தூங்கினேன்" வாக்கியத்தைத் தந்தால், "தூங்கினேனா" என்பதா "தூங்கியதா" என்பதா என்று தடுமாறி, பெரும்பாலோர் கேட்காமலே விகுதியைத் திருத்திவிடுவார்கள்.

மறுபக்கத்தையும் சோதிக்க வேண்டும்: "அக்கா நேற்று ஓசூர் போனான்." சொல்ல வந்தது முழுக்கப் புரிகிறது, ஆனாலும் காது ஒப்பவில்லை.