7 மில்லிமீட்டர் என்று அளந்தே காட்டினார்கள், 11,500 ரூபாய் போச்சு

சனிக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரியில் ஒரு வாட்ச் கடையில் 11,500 ரூபாய் கொடுத்தேன். இன்று வியாழக்கிழமை. வாட்ச் மேஜை மேல் கிடக்கிறது. கடைக்காரர் போனை எடுப்பதில்லை. கடைப் பெயரை எழுதப் போவதில்லை, வம்பு வேண்டாம். ஆனால் எப்படி ஏமாந்தேன் என்று எழுதாமல் விட்டால் இன்று ராத்திரியும் தூக்கம் வராது.

எதற்கு வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இந்த மாதத்திலிருந்து ஆடிட்டர்களோடு உட்காருவதும் என் வேலை. தினமும் முழுக்கை சட்டை, பட்டன் போட்ட கஃப். என்னிடம் இருந்தது தடிமனான ஸ்போர்ட்ஸ் வாட்ச். கஃப் அதற்கு மேலே ஏறி நிற்கும், கையெழுத்துப் போடும்போது இடிக்கும், இரண்டு நல்ல சட்டைகளில் இடது கஃப் ஓரம் நூல் நூலாகப் பிரிந்தே விட்டது. கஃபுக்கு அடியில் சத்தமில்லாமல் போய் ஒளிந்துகொள்ளும் மெல்லிசான டிரெஸ் வாட்ச் ஒன்று, இவ்வளவுதான் என் தேவை. கடைக்குள் நுழைந்ததும் இதை அப்படியே சொன்னேன்.

கடையில் இருந்தவர் நல்ல பேச்சுக்காரர். "தம்பிக்கு ஏத்த பீஸ் ஒண்ணு வந்திருக்கு, எல்லாருக்கும் காட்டறதில்ல" என்று உள்ளேயிருந்து எடுத்து வந்தார். வெள்ளை டயல், கறுப்புத் தோல் வார், மெல்லிய முள்கள். ஆட்டோமேட்டிக். பின்மூடியில் கண்ணாடி வைத்து உள்ளே மெஷின் ஆடுவது தெரிகிறது. பார்க்க அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். "கனம் எவ்வளவுண்ணா இருக்கும்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அந்த வேலையைச் செய்தார். டிராயரிலிருந்து டிஜிட்டல் வெர்னியர் ஒன்றை எடுத்தார். "வாய்ப்பேச்சு எதுக்கு, அளந்தே காட்டறேன், நீங்களே பாருங்க" என்று வாட்சின் பக்கவாட்டில் வைத்துப் பிடித்தார். திரையில் 7.0. நான் அதைப் போட்டோ கூட எடுத்தேன்! நண்பர்கள் குரூப்பில் "7 மில்லிமீட்டர்டா" என்று போட்டு நாலு பேரிடம் லைக் வாங்கினேன். அளக்கும் கருவியை எடுத்துக் காட்டுகிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? அதுவரை பேரம் பேசிக்கொண்டிருந்தவன் அந்த எண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். டீ வேறு வந்தது.

வார் கொஞ்சம் தளர்ச்சியாக இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே பையனிடம் கொடுத்துக் கூடுதலாக ஒரு ஓட்டை போடச் சொன்னார். என்ன அக்கறை என்று நினைத்தேன். அந்த ஓட்டை எதற்கு என்று புதன்கிழமைதான் புரிந்தது. சனிக்கிழமை நான் போட்டிருந்தது அரைக்கை டி-ஷர்ட். கஃபுக்காக வாட்ச் வாங்கப் போகிறவன் அரைக்கை டி-ஷர்ட்டில் போயிருக்கிறேன், என்னை என்னவென்று சொல்வது. 11,500 ரூபாயை ஜிபே பண்ணினேன். பில் கேட்டதற்கு "எஸ்டிமேட்" என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. வாரண்டி கார்டில் முத்திரை இல்லை. "பில் மெஷின் ஓடல, திங்கள் வாங்க, போட்டுத் தரேன்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை. முழுக்கை சட்டையைப் போட்டு பட்டனை மாட்டினேன், வாட்ச் உள்ளே போகவில்லை. கையை மேலே தூக்கி உதறினேன், கஃப் வாட்ச் மேல் முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. பட்டனைக் கழற்றி, வாட்சை மூடி, திரும்பப் போட்டால் மணிக்கட்டில் எலுமிச்சம்பழம் ஒளித்து வைத்த மாதிரி ஒரு புடைப்பு. ஆடிட்டர் எதிரில் நாள் முழுக்க இடது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி போன் பண்ணினேன். "புதுசு இல்லையா தம்பி, ரெண்டு நாள்ல பழகிடும்." வாட்ச் என்ன செருப்பா பழகுவதற்கு? செவ்வாய்க்கிழமை நேரில் போனேன். ஓனர் பெங்களூர் போயிருக்கிறாராம். சனிக்கிழமை அளந்து காட்டியவர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே, தான் ஓனர் இல்லை என்றார். "வாட்ச்ல குத்தம் இல்ல, உங்க சட்டைதான் டைட். டெய்லர்கிட்ட கஃபை லூஸ் பண்ணிக்கங்க" என்று ஒரு யோசனை வேறு.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பல வருடமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, போட்டோவையும் காட்டினேன். போட்டோவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "கண்ணு, வெர்னியர் எங்க பிடிச்சிருக்கான்னு பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். வாட்ச் உடம்பில் நடுவில் ஒரு பட்டை மாதிரி ஓடுகிறது அல்லவா, வெர்னியரின் இரண்டு தாடைகளும் அந்தப் பட்டையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மட்டும் பிடித்திருக்கின்றன. மேலே எழும்பி நிற்கும் வளையமும் உப்பிய கண்ணாடியும் தாடைக்கு வெளியே. கீழே தொந்தி மாதிரி தள்ளியிருக்கும் பின்மூடியும் வெளியே. பெரியவர் தன் வெர்னியரை எடுத்து, கண்ணாடியின் உச்சியிலிருந்து பின்மூடியின் அடிவரை பிடித்தார். 12.0. பட்டை 7.0, மேலே வளையமும் கண்ணாடியும் சேர்ந்து 2.6, கீழே மூடி 2.4. எனக்கு விற்றது 7 மில்லிமீட்டர் வாட்ச் இல்லை, 12 மில்லிமீட்டர் வாட்ச்.

அதோடு விடவில்லை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மெஷினில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தார். என்எச் 35. ஜப்பான் ஆட்டோமேட்டிக் மெஷின், நல்ல உழைப்பாளி, மெஷின்மேல் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. "ஆனா இது மட்டுமே 5.32 மில்லிமீட்டர் கனம். இதுக்கு மேல டயல் உக்காரணும், மூணு முள் ஒண்ணை ஒண்ணு தொடாம சுத்தணும், அதுக்கு மேல கண்ணாடி, கீழ மூடி. இத்தனையும் 7-ல எப்படி அடங்கும்?" ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைவில் சாவி ஏற்றிக்கொள்வதற்கு முதுகில் ஒரு அரைவட்டத் தகடு சுற்ற வேண்டும், அதற்கும் இடம் வேண்டும். மெல்லிசான ஆட்டோமேட்டிக் மெஷின்களும் இருக்கின்றனவாம், ஆனால் நான் கொடுத்த விலைக்கு அவை வராதாம்.

பேட்டரி மெஷின் என்றால் கதையே வேறு. சாதாரணமாகப் புழங்கும் மியோட்டா 2035 மெஷினின் கனமே 3.15 மில்லிமீட்டர்தான். "அட, அவ்வளவு தூரம் ஏன் போற, நம்ம ஓசூர்ல ஆலை வெச்சிருக்கற டைட்டன் 2002-லயே எட்ஜ்னு ஒண்ணு போட்டான். மெஷின் 1.15, முழு வாட்சும் சேர்த்து 3.5. நீ தினம் அந்த ஊருக்குத்தான் வேலைக்குப் போற" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

கனம் மட்டும் இல்லை, ஓரம் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம் என்று அவர் விரலால் தடவிக் காட்டினார். என் வாட்சில் கண்ணாடியைச் சுற்றிய வளையம் சுவர் மாதிரி நேராக நிற்கிறது. கஃப் துணி வந்து அந்தச் சுவரில் முட்டுகிறது. அதுவே கண்ணாடியிலிருந்து ஓரம் வரை சரிவாக இறங்கினால், ஒரு மில்லிமீட்டர் கூடுதல் கனம் இருந்தாலும் துணி வழுக்கி ஏறிவிடும். பக்கத்தில் துருத்தும் சாவியும் பெரிதாக இருந்தால் பட்டன் ஓட்டையில் போய் மாட்டுமாம்.

பிறகு இஞ்ச் டேப்பை எடுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். என் மணிக்கட்டு 16.5 செ.மீ. பட்டன் போட்ட பிறகு என் கஃபின் உள்சுற்று 19.5. வாட்சைக் கட்டிக்கொண்டு வாட்ச் மேலேயே டேப்பைச் சுற்றினால் 19.8. கஃபை விடச் சுற்று பெரிது, எங்கே போகும்? அப்பாவின் பழைய பேட்டரி வாட்சை மாட்டிச் சுற்றினால் 18.3. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி, கையைத் தூக்கியதும் கஃப் தானாக இறங்கி மூடியது. சட்டை டைட் என்று அந்த ஆள் சொன்னதில் ஒரு சதவீதம் நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சட்டைக்கு ஏற்றதைக் கேட்டுத்தானே நான் 11,500 ரூபாய் கொடுத்தேன்?

இந்த அளவுகளை எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே திரும்பக் கடைக்குப் போனேன். இந்த முறை சிரிப்பில்லை, தம்பியும் இல்லை. "சார், வார்ல ஓட்டை போட்டாச்சு. யூஸ் பண்ண பீஸ் ரிட்டர்ன் ஆகாது." ஓட்டை போட்டது நீங்கள்தானே என்றேன். "உங்க கைக்குத்தானே போட்டோம்." வேண்டுமானால் வாட்சை 4,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறாராம், அதையும் பணமாகத் தர மாட்டார், வேறு வாட்சில் கழித்துக்கொள்ள வேண்டுமாம். 11,500 கொடுத்தது நாலு நாளில் 4,000. வாட்ஸ்அப்பில் போட்டோவை அனுப்பி, அளந்தது பட்டையை மட்டும்தான் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் பாதி மறந்துவிட்டது. முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு போங்கள், கடையிலேயே பட்டனை மாட்டிப் பாருங்கள். அளந்து காட்டினால் கண்ணாடி உச்சியிலிருந்து பின்மூடி அடிவரை பிடிக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் "கேஸ் கனம்" என்று போட்டிருந்தால் கண்ணாடியோடு சேர்த்தா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். ஆட்டோமேட்டிக், மலிவு, 7 மில்லிமீட்டர், மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நீங்களே முடிவு பண்ணும் வரை வாரில் ஓட்டை போட விடாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

என்னிடம் இருப்பது எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, அப்புறம் அந்த 7.0 போட்டோ. மத்தியானம் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன். அங்கே நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் போட்டோவை நான்தான் எடுத்தேன் என்பதை அவர் மறந்திருப்பார்.