ஆறு புள்ளியும் மைனஸ் வெப்பமும்: நைஸ்ட்ராம் முறையோடு ஒன்பது ஆண்டுகள்

போன வாரம் ஈரோட்டிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். உலைத் தகட்டுக்குக் கணக்குப் போடுகிறார். "அண்ணா, தகட்டின் நடுவிலிருந்து கிளம்பும் வெப்பம் மைனஸில் வருகிறது. நிரலில் பிழையே இல்லை" என்றார். நிரலில் பிழை இல்லைதான். கோவையில் வார்ப்பட வேலைக்கு நடுவே தொகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்க ஒன்பது ஆண்டுகளாக நைஸ்ட்ராம் முறையைக் கையில் வைத்திருக்கிறேன். இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன்.

அவருடைய கணக்கு இதுதான். ஒரு மீட்டர் அகலமுள்ள, மிக நீளமான இரண்டு தகடுகள், ஒரே சூட்டில், 4 செ.மீ. இடைவெளியில் எதிரெதிரே இருக்கின்றன. தன் மேல் விழும் வெப்பத்தில் 60 சதவீதத்தை ஒவ்வொன்றும் திருப்பியடிக்கிறது. சொந்த உமிழ்வை 1 என்று வைத்தால், கிளம்பும் மொத்த வெப்பம் b இப்படி அமையும்:

```
b(x) = 1 + 0.6 ∫ K(x,y) b(y) dy
K(x,y) = d² / (2 (d² + (x−y)²)^1.5),  d = 0.04
```

தேடும் b தொகையீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பதால் இது இரண்டாம் வகைத் தொகையீட்டுச் சமன்பாடு. பின்லாந்துக்காரரான நைஸ்ட்ராம் 1930-இல் வெளியிட்ட வழி எளிமையானது: தொகையீட்டை எடுத்துவிட்டு, சில புள்ளிகளில் எடையிட்ட கூட்டலை வைக்க வேண்டும். ஆறு புள்ளி என்றால் ஆறு சமன்பாடு. விடை வந்ததும் அதே சமன்பாட்டில் போட்டால் இடைப்பட்ட எந்த x-க்கும் மதிப்பு கிடைக்கும். K என்ற கருச்சார்பு மென்மையாக இருந்தால் விடையின் பிழை, தொகையீட்டு விதியின் பிழை குறையும் அதே வேகத்தில் குறையும். வேறு எந்த முறையிலும் எனக்கு இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு துல்லியம் கிடைத்ததில்லை.

எரிச்சல் எங்கே என்றால், அந்த "மென்மையாக" என்ற சொல்லில். தம்பி சரிவக விதியில் ஆறு புள்ளி வைத்தார். புள்ளிக்குப் புள்ளி 20 செ.மீ. K-இன் உச்சம் 1/(2d), அதாவது 12.5. ஒரு புள்ளி தனக்கு நேர் எதிரே உள்ள புள்ளியிலிருந்து மட்டும் வாங்கும் பங்கு 0.2 × 12.5 = 2.5. உண்மையில் எதிர்த் தகடு முழுவதும் சேர்ந்தாலும் பங்கு 1-ஐத் தாண்டக் கூடாது. 0.6-ஆல் பெருக்கினால் 1.5, சமன்பாட்டின் மூலைவிட்டத்தில் 1 − 1.5 வந்து நிற்கிறது. நடுவில் வரவேண்டியது ஏறக்குறைய 2.5, வந்தது மைனஸ் 2-ஐ ஒட்டி. விளிம்பில் மட்டும் எடை பாதி என்பதால் கூட்டல் குறியோடு 4-ஐ ஒட்டிய மதிப்பு.

இதைவிடக் கொடியது அடுத்த படி. "புள்ளியைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்று அவர் ஒன்பது வைத்தார். புள்ளிக்குப் புள்ளி 12.5 செ.மீ.; 0.6-ஆல் பெருக்கிய மூலைவிட்டப் பங்கு 0.94, பக்கத்துப் புள்ளிகளும் சேர்ந்து 1-ஐத் தொட்டுவிடுகின்றன. நடு மதிப்பு நூறைத் தாண்டிப் பறந்தது. புள்ளி கூடக்கூடப் பிழை ஒழுங்காகக் குறையும் என்று பாடம் சொல்கிறதே என்று கேட்டார். பாடம் பொய் சொல்லவில்லை. போதுமான அளவு நெருக்கமான புள்ளிகளுக்குப் பிறகு என்ற நிபந்தனை அதில் உண்டு. இங்கே அந்த எல்லை தகட்டு இடைவெளிதான். புள்ளிகள் 4 செ.மீ. தூரத்தில் இருந்தால் நடுவில் பங்குகளின் கூட்டல் சரியான மதிப்பைவிட 0.012 கூடுதல். 2 செ.மீ. என்றால் 0.00003 மட்டுமே கூடுதல். அதற்குப் பிறகுதான், தூரத்தைப் பாதியாக்கினால் பிழை கால்வாசியாகும் வழக்கம் தொடங்குகிறது.

ஆகவே விடையைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு வரிசையின் பங்குகளையும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். K-இன் சரியான தொகையீடு கையில் இருக்கிறது: ½[x/√(x²+d²) + (1−x)/√((1−x)²+d²)]. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேலே போகவே வேண்டாம்.

கூடவே ஒரு திருத்தமும் சொன்னேன். b(y)-க்குப் பதில் b(y) − b(x)-ஐத் தொகையிட்டு, b(x)-இன் பங்குக்கு மேலே உள்ள சரியான மதிப்பைப் போடுவது. உச்சம் இருக்கும் இடத்தில் வித்தியாசம் பூஜ்யமாவதால் அந்த 2.5 மறைந்துவிடுகிறது. அதே ஆறு புள்ளிகளில் நடு மதிப்பு 2.48 வந்தது. எனக்கே வியப்பாக இருந்தது. ஆனால் விளிம்பில் 1.45, அங்கே இருக்கவேண்டியது √2.5, அதாவது சுமார் 1.58. விளிம்பருகே b வேகமாக மாறுகிறது. ஆறு புள்ளிகளுக்கு அந்த மாற்றம் கண்ணில் படவே படாது. அங்கே புள்ளிகளை நெருக்கித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு திட்டிய பிறகும் நாளைக்கு ஒரு கணக்கு வந்தால் நைஸ்ட்ராமைத்தான் எடுப்பேன். ஆனால் தம்பியிடம், வரிசைக் கூட்டலை அச்சிடும் வரியை நிரலின் முதலில் சேர்க்காமல் இதைத் தொடாதே என்று கண்டிப்பாகவே சொல்லிவிட்டேன். நேற்று இரவு 51 புள்ளிகளின் கூட்டல்களை அனுப்பியிருந்தார். நடுவில் எல்லாமே 1-ஐ ஒட்டி இருந்தன, இரு முனைகளிலும் 0.5.