ரெக்கார்டு நோட்டில் ரீடிங் அட்டவணை: முக்கிய எண்ணுருவா, இன்ஜினியரிங் நொட்டேஷனா?

எலக்ட்ரானிக்ஸ் லேப் ரெக்கார்டில் ஒரே அட்டவணையை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒருவர் தலைப்பில் ஒரே அலகு போட்டு, கீழே எல்லா எண்ணையும் மூன்று முக்கிய எண்ணுருக்களுக்குச் சுருக்குவார். இன்னொருவர் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஓம், கிலோஓம், மெகாஓம் என்று போடுவார். இதுதான் இன்ஜினியரிங் நொட்டேஷன், அதாவது பத்தின் அடுக்கு மூன்றின் மடங்காகவே நகரும். முன்னால் நிற்கும் எண் 1-க்கும் 1000-க்கும் இடையில் இருக்கும். எது சரி என்று கேட்டால் பெரும்பாலும் "சார் எப்படிச் சொன்னாரோ அப்படி" என்றுதான் பதில் வரும். காரணத்தோடு முடிவெடுக்க, ஓர் உண்மையான அட்டவணையை வைத்துப் பார்த்துவிடலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, வெளிச்சம் குறைந்தால் மின்தடை ஏறும் ஒரு எல்.டி.ஆர்., சாதாரண மூன்றரை இலக்க மல்டிமீட்டர் ஒன்று. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போய் மின்தடையை அளக்கிறோம்: டார்ச்சை ஒட்டி வைத்து, ஜன்னல் ஓரத்தில், டியூப்லைட் அடியில், பெஞ்சின் நிழலில், கையால் மூடி, கடைசியில் மூடிய டப்பாவுக்குள். மீட்டரின் தாளில் துல்லியம் ±0.8%, கூடவே கடைசி இலக்கத்தில் 2 என்று போட்டிருக்கிறது என்றும், 2 மெகாஓம் ரேஞ்சில் மட்டும் அது ±1% என்றும் வைத்துக்கொள்வோம். மலிவான மீட்டர்களில் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும்.

| வெளிச்சம் | மீட்டர் காட்டியது (ரேஞ்ச்) | தலைப்பில் kΩ, மூன்று எண்ணுரு | இன்ஜினியரிங் முறை |
|---|---|---|---|
| டார்ச் | 186.4 (200 Ω) | 0.186 | 186 Ω |
| ஜன்னல் | 1043 (2000 Ω) | 1.04 | 1.04 kΩ |
| டியூப்லைட் | 9.62 (20 kΩ) | 9.62 | 9.6 kΩ |
| நிழல் | 47.3 (200 kΩ) | 47.3 | 47.3 kΩ |
| கை | 152.8 (200 kΩ) | 153 | 153 kΩ |
| டப்பா | 1206 (2000 kΩ) | 1210 | 1.21 MΩ |

முதலில் மூன்றாவது நெடுவரிசையைப் பாருங்கள். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாலே மின்தடை ஏறுவது தெரிகிறது. அலகை ஒருமுறை படித்தால் போதும். அதுதான் இந்த முறையின் பலம், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் கடைசி வரியில் வந்து மாட்டிக்கொள்கிறது. 1210 என்பதில் அந்தக் கடைசி 0 அளந்து வந்ததா, இடத்தை நிரப்ப வந்ததா? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. மூன்று எண்ணுரு என்று அட்டவணைக்கு மேலே குறிப்பு எழுதலாம்தான். அப்புறம் அந்த ஒரு வரிக்காக எல்லோரும் மேலே போய்ப் பார்க்க வேண்டும். 1.21 MΩ என்று எழுதினால் இந்தக் கேள்வியே எழாது. முதல் வரியின் 0.186-இல் இப்படிச் சிக்கல் இல்லை, முன்னால் வரும் சுழியம் கணக்கில் சேராது. ஆனாலும் மீட்டரில் 186.4 என்று பார்த்த கைக்கு 0.186 என்று எழுதுவது கொஞ்சம் நெருடத்தான் செய்யும்.

"எல்லா வரிக்கும் மூன்று" என்ற விதியில் இதைவிடப் பெரிய ஓட்டை மூன்றாவது வரியில் இருக்கிறது. 9.62-க்கு மீட்டரின் பிழையைக் கணக்குப் போடுங்கள்: 0.8% என்றால் 0.077, கடைசி இலக்கத்தில் 2 என்றால் 0.02, கூட்டினால் ஏறக்குறைய 0.1. அதாவது 9.6 ± 0.1. அந்த 2 சும்மா அலங்காரத்துக்கு நிற்கிறது. இரண்டாவது வரியின் 1043-க்கு இதே கணக்கு 8.3 + 2, சுமார் 10 ஓம், 1.04 ± 0.01 kΩ. இங்கே மூன்று இலக்கமும் நியாயமானவை. இரண்டு வரியிலும் பிழை சுமார் ஒரு சதவீதம்தான், ஆனால் ஒன்றுக்கு மூன்று எண்ணுரு, மற்றதற்கு இரண்டு. ஏன் என்றால் 1-இல் தொடங்கும் எண்ணில் மூன்றாவது இலக்கம் ஒரு சதவீதத்தைக் குறிக்கிறது, 9-இல் தொடங்கும் எண்ணில் அதே மூன்றாவது இலக்கம் 0.1 சதவீதத்தைக் குறிக்கிறது. எண்ணுரு எண்ணிக்கை என்பது ஒரே நீளமுள்ள அளவுகோல் இல்லை. எல்லா வரியிலும் ஒரே எண்ணிக்கை போட்டால் சில வரிகள் நடிக்கின்றன என்று அர்த்தம்.

அதனால்தான் நான்காவது நெடுவரிசையில் அந்த ஒரு வரியை மட்டும் 9.6 என்று விட்டிருக்கிறேன். இதற்கும் இன்ஜினியரிங் நொட்டேஷனுக்கும் சம்பந்தமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை இலக்கம் என்பதை மீட்டரின் பிழை முடிவு செய்கிறது. புள்ளியை எங்கே வைப்பது என்பதைத்தான் நொட்டேஷன் முடிவு செய்கிறது. முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதற்குத் தாவுவதால்தான் பாதி ரெக்கார்டுகள் சிவப்பு மையோடு திரும்பி வருகின்றன.

சரி, அப்படியானால் இன்ஜினியரிங் முறைக்கே ஓட்டுப் போட்டுவிடலாமா? அதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று கண்ணுக்கு. அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படித்தால் 186, 1.04, 9.6, 47.3, 153, 1.21. ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியாது. வைவாவில் வந்த எக்ஸ்டர்னல் இப்படி ஓர் அட்டவணையைக் காட்டி, "இதுல எதுப்பா பெருசு?" என்று கேட்டார். "186 சார்" என்று உடனே பதில் வந்தது. பையன் மேல் முழுத் தப்பும் இல்லை, அட்டவணை அப்படி இருந்தது. அலகை எண்ணோடு ஒட்டாமல் தனி நெடுவரிசையாக, ஒரே நேர்கோட்டில் எழுதினால் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது. கையால் மூடி எடுத்த ஐந்தாவது ரீடிங்கைப் பற்றி உண்மையைச் சொன்னால், அது 152.8-இல் நிற்கவே நிற்காது. விரல் இடுக்கில் கசியும் வெளிச்சம் மாற மாற 141, 159, 151 என்று குதித்துக்கொண்டே இருக்கும். அப்போது மீட்டரின் ±0.8% எல்லாம் பேச்சுக்குத்தான். உண்மையான பிழை ±10 அளவில் இருக்கும். அப்படியென்றால் இரண்டு எண்ணுருதான் மிச்சம். இன்ஜினியரிங் முறைப்படி எழுதினால் 150 kΩ. மறுபடியும் அதே கேள்வி: கடைசிச் சுழியம் நிஜமா, நிரப்பியா? முன்னால் நிற்கும் எண் 100-க்கு மேல் போய், கையில் இரண்டு எண்ணுரு மட்டும் இருந்தால் இந்த முறை எப்போதும் சறுக்கும். பைத்தானிலும் இதைப் பார்க்கலாம்:

```python
from decimal import Decimal
Decimal('1.5E+5').to_eng_string()   # '150E+3'
```

இரண்டு எண்ணுருவோடு உள்ளே போனது மூன்று போல வெளியே வருகிறது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. 0.15 MΩ என்று எழுதலாம். 1-க்கும் 1000-க்கும் இடையில் என்ற விதி மீறப்படும், ஆனால் பொருள் தெளிவு. 1.5 × 10⁵ Ω என்று அறிவியல் குறியீட்டுக்குப் போகலாம்; இது சுத்தம், ஆனால் மற்ற வரிகளோடு ஒட்டாது. அல்லது 150 ± 10 kΩ என்று பிழையையும் சேர்த்தே எழுதலாம். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான். பிழையை எழுதிவிட்டால் சுழியத்தைப் பற்றிய சண்டையே கிடையாது. கூடுதலாக ஒரு நெடுவரிசை வரைய வேண்டும், அவ்வளவுதான்.

டப்பாவுக்குள் எடுத்த கடைசி ரீடிங்கும் கொஞ்சம் சந்தேகத்துக்குரியதுதான். இருட்டில் எல்.டி.ஆரின் மின்தடை உடனே உச்சத்துக்குப் போகாது, சில நொடிகள் ஏறிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு எழுதினால் குறைவாக வரும். இன்னொன்று, சென்னை மே மாத வியர்வைக் கையோடு இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்தால் உடம்பும் இணையாகச் சேர்ந்துகொள்ளும். உடம்பின் மின்தடை 1 MΩ என்று வைத்தால் 1.206 MΩ இருக்க வேண்டிய இடத்தில் 0.55 MΩ காட்டும். இதை எத்தனை எண்ணுருவில் எழுதினாலும் ஒன்றுதான்.

எக்செலில் டைப் செய்து பிரிண்ட் எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. இன்ஜினியரிங் முறைக்கு எல்லோரும் தேடிக் கண்டுபிடிக்கும் ஃபார்மேட் இது:

```
##0.0E+0
```

இது புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கத்தை நிலையாக வைக்கிறது; எண்ணுருக்களை எண்ணுவதே இல்லை. நம் ரீடிங்குகளை ஓமில் கொடுத்தால் 186.4E+0, 1.0E+3, 9.6E+3, 47.3E+3, 152.8E+3, 1.2E+6 என்று வரும். ஜன்னல் ஓர ரீடிங்கில் நியாயமாக இருந்த 4 காணாமல் போய்விட்டது. கையால் மூடிய ரீடிங்கிலோ தகுதியில்லாத .8 ஒட்டிக்கொண்டது. இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுரு மாறுவதற்கு அளவீட்டில் காரணம் எதுவும் இல்லை, புள்ளி விழுந்த இடம்தான் காரணம். ஆகவே அச்சுக்குப் போகும் நெடுவரிசையைக் கையால், டெக்ஸ்டாக டைப் செய்துவிடுவது நல்லது. கிராஃப் போடுவதற்கு ஓமில் உள்ள மூல எண்களைப் பக்கத்திலேயே தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கீடும் அந்த மூல எண்களிலிருந்துதான், சுருக்கிய எண்ணிலிருந்து அல்ல. அப்சர்வேஷன் நோட்டிலும் மீட்டர் காட்டியதை அப்படியே, ரேஞ்சோடு எழுதி வையுங்கள், சுருக்குவதெல்லாம் ரெக்கார்டில்.

எல்லா அட்டவணைக்கும் இன்ஜினியரிங் முறை தேவை என்று நினைத்துவிட வேண்டாம். அதே ரிச்சி ஸ்ட்ரீட்டில் 4.7 kΩ ரெசிஸ்டர் பத்து வாங்கி ஒவ்வொன்றையும் அளந்தால் 4.68, 4.71, 4.70 என்று ஒரே இடத்தைச் சுற்றித்தான் வரும். தலைப்பில் kΩ, கீழே புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம், முடிந்தது. இங்கே வரிக்கு வரி அலகு எழுதுவது வெறும் மை செலவு. ஒன்றே ஒன்று, 4.70-ஐ எக்செல் 4.7 ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; இங்கே அந்தச் சுழியம் அளந்து பெற்றது.

நான் வைத்திருக்கும் கோடு இது: மிகப் பெரிய ரீடிங்கை மிகச் சிறியதால் வகுத்துப் பார்ப்பேன். ஆயிரத்துக்குள் வந்தால் தலைப்பில் ஒரே அலகு. தாண்டினால் வரிக்கு வரி அலகு. எல்.டி.ஆர். அட்டவணையில் 1.21 MΩ-ஐ 186 Ω-ஆல் வகுத்தால் ஆறாயிரத்துக்கு மேல், அதனால் இன்ஜினியரிங் முறை. ரெசிஸ்டர் அட்டவணையில் ஒன்றுக்குப் பக்கத்தில், அங்கே யோசிக்கவே வேண்டியதில்லை. எல்.டி.ஆருக்குச் செமி-லாக் தாள் எடுக்கும்போதும் இது உதவும்: 100 ஓமில் தொடங்கி 10 MΩ வரை ஐந்து சைக்கிள் வேண்டும், கடையில் மூன்று சைக்கிள் தாளை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.