60 மணி நேர பிளானா, ஹாட் டெஸ்க்கா, நிரந்தர மேஜையா? ஒரு மாதக் கணக்கு

வீட்டிலிருந்தே இணையதளம் வடிவமைத்துக்கொண்டிருந்த நான், பலரும் வாடகை கொடுத்து ஒரே அலுவலகத்தைப் பகிர்ந்து வேலை செய்யும் கோவொர்க்கிங் இடத்துக்குப் போகலாம் என்று முடிவெடுத்தபோது, என்னிடம் மூன்று பிளான்களை நீட்டினார்கள். மாதத்துக்கு 60 மணி நேரம். வேலை நேரம் முழுக்க எந்த இருக்கையிலும் உட்காரலாம் என்கிற ஹாட் டெஸ்க். பெயர் ஒட்டிய சொந்த மேஜை. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆக மாதம் 60 மணி நேரம் என்று மனக்கணக்குப் போட்டு முதலாவதை எடுத்தேன். கணக்கு சரிதான், கடிகாரம்தான் வேறு மாதிரி ஓடியது.

இடத்துக்கு இடம் கட்டணம் மாறும் என்பதால் ஹாட் டெஸ்க்கின் மாதக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அந்த அளவில் 60 மணி நேர பிளான் 70, நிரந்தர மேஜை 150 என்று வைப்போம். நீங்கள் பார்க்கும் இடத்தில் விகிதம் வேறாக இருந்தால் அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் விதம் மாறாது.

முதலில் மணி நேரம். இதில் பார்க்க வேண்டியது எத்தனை மணி என்பதைவிட, எப்படி எண்ணுகிறார்கள் என்பது. நான் போன இடத்தில் கதவில் கார்டைத் தட்டினால் கணக்குத் தொடங்கும், வெளியே போகும்போது தட்டினால் நிற்கும். ஒவ்வொரு முறையும் அரை மணிக்கு மேல்நோக்கி முழுமையாக்குவார்கள். என் வழக்கமான நாள் ஒன்று இப்படி: காலை 10:05க்கு உள்ளே, 1:10க்குச் சாப்பிட வெளியே, 1:50க்குத் திரும்பி, மாலை 4:40க்குக் கிளம்பினேன். முதல் பகுதி 3 மணி 5 நிமிடம். அது மூன்றரை ஆனது. இரண்டாவது 2 மணி 50 நிமிடம். அது மூன்று ஆனது. உள்ளே இருந்தது ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு, கணக்கில் போனது ஆறரை. சரி, கார்டைத் தட்டாமல் உள்ளேயே சாப்பிட்டால்? 6 மணி 35 நிமிடம் ஏழாகிவிடும். அதற்கு வெளியே போய் வருவதே மேல்.

நான் நினைத்த ஐந்து மணி நேரமும் முதல் வாரத்திலேயே காணாமல் போனது. டீ, பக்கத்து இருக்கைக்காரரோடு ஒரு பேச்சு, ஃபைல் ஏறுவதற்குக் காத்திருப்பு எல்லாமே கடிகாரத்துக்குள்தான். 12 நாளுக்கு ஆறரை வீதம் 78 மணி நேரம். பிளானில் உள்ளது 60. மீதி 18 மணி நேரத்துக்குக் கூடுதல் கட்டணம், அதுவும் பிளானுக்குள் இருக்கும் விலையில் அல்ல. பிளானுக்குள் ஒரு மணி நேரம் சுமார் 1.17 என்று வருகிறது, வெளியே 1.5. ஆக 27 கூடி, 70 என்று கையெழுத்துப் போட்ட பிளான் 97இல் வந்து நின்றது.

இதற்கு நடுவில் ஒரு நாள் அவசரமாகக் கிளம்பினேன். கதவை யாரோ திறந்து பிடித்திருந்தார், நன்றி சொல்லிவிட்டு ஓடிவிட்டேன், கார்டைத் தட்டவில்லை. இரவு எட்டு மணிக்கு இடம் மூடும்வரை என் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கேட்டபோது ஒருமுறை மட்டும் திருத்திக் கொடுத்தார்கள். அதனால் மணி நேர பிளான் எடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது மூன்று: எத்தனை நிமிடத்துக்கு முழுமையாக்குவீர்கள், வெளியேறும்போது தட்ட மறந்தால் என்ன ஆகும், மிச்ச மணி நேரம் அடுத்த மாதத்துக்கு வருமா. மூன்றாவதற்குப் பெரும்பாலும் ‘வராது’ என்றுதான் பதில் வரும்.

அப்புறம் கிரெடிட். பலரும் இதை பிளானோடு வரும் இலவசப் பொருள் மாதிரி பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். என் கணக்கில் தராசைச் சாய்த்தது இதுதான். கிரெடிட் என்பது மீட்டிங் ரூமுக்கு மட்டும் செல்லும் நாணயம். நான்கு பேர் உட்காரும் அறைக்கு அரை மணிக்கு ஒரு கிரெடிட், எட்டுப் பேர் அறைக்கு இரண்டு. ‘எட்டு கிரெடிட் உண்டு’ என்று ஒருவர் சொன்னால், சின்ன அறையில் நான்கு மணி நேரம், பெரிய அறையில் இரண்டே மணி நேரம் என்று உடனே பெயர்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மாதத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் நேரில் வருவார்கள், ஒவ்வொருவரோடும் ஒன்றரை மணி நேரம், சின்ன அறை போதும். ஆறு கிரெடிட். ஒருமுறை ஆறேழு பேரோடு வடிவமைப்பை எடுத்துக்காட்ட ஒரு மணி நேரம் பெரிய அறை. நான்கு கிரெடிட். மொத்தம் பத்து. 60 மணி நேர பிளானில் கிடைத்தது இரண்டு. ஹாட் டெஸ்க்கில் எட்டு. நிரந்தர மேஜைக்குப் பதினாறு. தனியாக வாங்கினால் ஒரு கிரெடிட் 2 என்று வைத்தால், மணி நேர பிளானில் எட்டு வாங்க 16 ஆகிறது. 97 இப்போது 113. ஹாட் டெஸ்க்கில் இரண்டு வாங்கினால் போதும், 104. மலிவு என்று எடுத்த பிளான் ஒன்பது அதிகம்.

கிரெடிட்டைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் மாதம் 80 மணி நேரம் வரை 60 மணி நேர பிளான் தாங்கும். அதாவது 20 மணி நேரம் கூடுதலாக எடுத்தால்தான் 100ஐத் தொடும். சேர்த்துப் பார்த்தால் 72 மணி நேரத்திலேயே இரண்டும் சமமாகிவிடும். ஆளே வந்து சந்திக்காத வேலை என்றால் முதல் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் போன்றவர்கள் இரண்டாவதை.

இன்னொன்றையும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள். சில இடங்களில் மணி நேர பிளான்காரர் மீட்டிங் ரூமுக்குள் இருக்கும்போதும் கதவுக் கணக்கு நிற்காது. அறைக்கு கிரெடிட்டும் போகும், இருக்கைக்கு நேரமும் போகும். காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கும் சேர்த்துப் பணம்.

கிரெடிட்டை வாங்கிவிட்டால் அறை கிடைத்துவிடும் என்றும் இல்லை. பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை எல்லோரும் கேட்பார்கள். நான் போன இடத்தில் நிரந்தர மேஜைக்காரர் 30 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம், ஹாட் டெஸ்க்காரர் ஏழு நாள், மணி நேர பிளான்காரர் அன்றைக்கு மட்டும். வாடிக்கையாளரிடம் ‘நாளைக் காலை சொல்கிறேன்’ என்று சொல்லி யார் தொழில் செய்ய முடியும்? ரத்து செய்வதும் அப்படித்தான், 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் கிரெடிட் போனது போனதுதான். ஒரு வாடிக்கையாளர் காலை எட்டு மணிக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினார். அவருக்கு உடம்பு, எனக்கு மூன்று கிரெடிட்.

காணொளி அழைப்புகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அவற்றுக்கு அறை எடுத்தால் கட்டாது. நாளைக்கு ஒரு மணி நேரம், 12 நாள், சின்ன அறை என்றாலே 24 கிரெடிட். நிரந்தர மேஜையின் பதினாறும் போதாது. அதற்குத்தான் ஃபோன் பூத், ஒரு ஆள் நிற்கும் கண்ணாடிப் பெட்டி. கிரெடிட் வேண்டாம், ஆனால் முதலில் வந்தவருக்கு முதல் இடம். நாள் முழுக்க பேசும் வேலை என்றால் மேஜையை விட்டுவிட்டு பூத்துகளை எண்ணுங்கள். நாற்பது இருக்கைக்கு இரண்டே பூத் என்றால் எந்த பிளானும் உங்களுக்கு உதவாது.

இனி ஹாட் டெஸ்க்கும் நிரந்தர மேஜையும். கப்பலில் ஒரு மாலுமி எழுந்ததும் அடுத்த முறைக்காரர் அந்தச் சூடு ஆறாத படுக்கையிலேயே படுப்பார், அதிலிருந்துதான் ஹாட் டெஸ்க் என்ற பெயர் வந்தது என்பார்கள். இங்கேயும் இருக்கைகளைவிட அதிக உறுப்பினர்களைச் சேர்ப்பார்கள். எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்பதை நம்பித்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது. அது தவறில்லை. ஆனால் வார நடுவில் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். இடம் பார்க்கப் போனால் திங்களும் வெள்ளியும் வேண்டாம், புதன்கிழமை பதினொரு மணிக்குப் போங்கள். காலி இருக்கை எத்தனை என்பதோடு, எவை காலியாக இருக்கின்றன என்றும் பாருங்கள். பிரிண்டருக்குப் பக்கம், ஏசிக் காற்று நேராகத் தலையில் விழும் மூலை, பிளக் பாயின்ட் எட்டாத மேஜை, இவை மட்டும் மிச்சம் என்றால் கூட்டம் தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

இருக்கை கிடைத்தாலும் விரித்து மடிக்கும் வேலை இருக்கிறது. நான் ஒரு நாள் நேரம் பார்த்தேன். இடம் தேடி, மடிக்கணினியை மேடையில் ஏற்றி, கீபோர்டும் மவுஸும் இணைத்து, நாற்காலி உயரத்தைச் சரிசெய்ய 15 நிமிடம். மாலையில் மடித்து லாக்கரில் வைக்க 10 நிமிடம். மாதம் 12 நாள் என்றால் ஐந்து மணி நேரம். நிரந்தர மேஜையில் இந்த நேரம் அநேகமாக மிச்சம், கிரெடிட்டும் தாராளம். ஆனால் எனக்கு 104க்கும் 150க்கும் இடையே 46 வித்தியாசம், கூடவே மாதந்தோறும் ஆறு கிரெடிட் பயன்படாமல் காலாவதியாகும். ஐந்து மணி நேரத்துக்கு 46 கொடுக்க என் வேலை கட்டுப்படியாகாது. 22 நாள் வருபவருக்கு அதே 25 நிமிடம் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும், அவருக்கு யோசிக்க இடமிருக்கிறது.

நேரத்தை வைத்து மட்டும் நிரந்தர மேஜையை எடுக்கச் சொல்ல மாட்டேன். தூக்கிக்கொண்டு அலைய முடியாத பொருள் உங்களிடம் உண்டா? இரண்டு பெரிய மானிட்டர், நிறம் சரிபார்த்து வைத்த திரை, பூட்டி வைக்க வேண்டிய கோப்புகள். அப்படியானால் கணக்கே வேண்டாம், மேஜையை எடுத்துவிடுங்கள். கட்டடம் இரவில் திறந்திருக்குமா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் நிரந்தர மேஜைக்காரருக்கு மட்டுமே இரவு நுழைவு. தொலைதூர நேர மண்டலத்துக்கு வேலை செய்பவருக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

நான் இரண்டாவது மாதம் ஹாட் டெஸ்க்குக்கு மாறினேன். மேலே ஏறுவது அன்றைக்கே நடந்தது, மீதி நாளுக்கான வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கீழே இறங்க வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு, அதுவும் அடுத்த பில் சுற்றிலிருந்துதான் என்று ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அதனால் முடிவெடுக்காதவர்கள் கீழிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. மேலே போகக் கதவு திறந்தே இருக்கும். இப்போது பெரிய அறையை ஏழு நாளுக்கு முன் பதிவு செய்கிறேன், இரண்டு கிரெடிட்டைத் தனியாக வாங்குகிறேன். கதவில் கார்டைத் தட்டும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. வெளியே போகும்போது தேவையில்லாவிட்டாலும் தட்டிவிட்டுத்தான் போகிறேன்.